டிக் குறிகளிலிருந்து சதவீதத்துக்கு

அறுவை சிகிச்சையில் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் தடுப்பு ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும் என்பது பல மருத்துவமனைகளின் விதி. எல்லா நோயாளிகளுக்கும், அதாவது 100 சதவீதம், இது நடக்க வேண்டும். நடக்கிறதா என்று தணிக்கை செய்ய ஒரு மருத்துவமனை 40 நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் பார்த்து டிக் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, தாள்களைக் கணினியில் ஏற்றுவது: ஒரு நோயாளிக்கு ஒரு வரி, ஒரு கேள்விக்கு ஒரு பத்தி. ‘ஆம்’ 27, ‘இல்லை’ 6, ‘பொருந்தாது’ 4, எதுவும் குறிக்காதவை 3.

27ஐ எதால் வகுப்பது? வம்பே இங்கேதான். ஆன்டிபயாடிக் தேவைப்படாத சிறு அறுவை சிகிச்சைகள்தான் அந்த 4; அவற்றை நீக்கினால் மீதி 36. வெற்றிடமாக இருக்கும் 3ஐயும் நீக்கினால் 82 சதவீதம் என்று அழகாக வரும். ஆனால் ஊசி போட்ட நேரம் எழுதப்படவில்லை என்றால், போட்டதற்குச் சான்றே இல்லை. அதை ‘இல்லை’ என்றே எண்ணுவதுதான் நேர்மை.

```
=COUNTIF(B2:B41,"Y")/(40-COUNTIF(B2:B41,"NA"))
```

| விதி | இலக்கு | பொருந்துவோர் | நிறைவேறியது | சதவீதம் |
|---|---|---|---|---|
| 60 நிமிடத்துக்குள் ஊசி | 100% | 36 | 27 | 75% |

சதவீதத்தை மட்டும் போட்டு, 27, 36 என்ற எண்களை மறைக்கும் அட்டவணையை நம்ப வேண்டாம். தவறிய 9இல் 3 பதிவேட்டுக் குறை, 6 ஊசி நேரக் குறை. இரண்டுக்கும் மருந்து வேறு. அட்டவணைக்குக் கீழே இதையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.