ட்ரோன் செயலியில் ‘ஹோம்’ என்றால் வீடு இல்லை!

ஊர்த் திருவிழாவைப் படம் பிடிக்க ட்ரோன் வாங்கியாச்சு. போன் தமிழில் இருக்கிறது, ட்ரோன் செயலியோ ஆங்கிலத்தில். ஏதாவது செய்தி வந்தால் படிக்காமலே OK அழுத்திவிடுகிறோம். குறைந்தது மூன்று இடங்களில் அப்படிச் செய்யாதீர்கள். (செயலிக்குச் செயலி சொற்கள் சற்று மாறலாம்.)

1. பறக்கும் முன்: Home Point

இதை மொழிபெயர்த்துப் பார்த்தால் ‘வீடு’ என்று வரலாம். உண்மையில் இது ட்ரோன் கிளம்பிய இடம். செயற்கைக்கோள் சிக்னல் போதுமான அளவு கிடைத்த பிறகே ட்ரோன் அந்த இடத்தைப் பதிவு செய்யும். Home Point பதிவானதாகச் செய்தி வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு முன்பே ஏற்றினால், நடுவானில் சிக்னல் கிடைக்கும் இடமே ‘ஹோம்’ ஆகிவிடலாம். அது குளத்துக்கு மேலே இருந்தால், திரும்பும் ட்ரோன் குளத்தில்தான் இறங்கும். Compass Error என்று வந்தால், இரும்புக் கம்பி, வாகனம் இல்லாத இடத்துக்கு மாறுங்கள்.

2. தடை எச்சரிக்கை

Restricted Zone என்றால் அங்கே பறக்கத் தடை. Altitude Zone என்றால் உயரத்துக்கு வரம்பு உண்டு. செயலி எச்சரிக்கவில்லை என்பதால் அனுமதி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சட்டப்படி பார்க்க வேண்டியது மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடம். அதில் சிவப்பு இடத்துக்கு மத்திய அரசின் அனுமதியும், மஞ்சளுக்கு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். பச்சையில் 400 அடி (சுமார் 120 மீட்டர்) வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. தூரத்தில் இந்த வரம்பு 200 அடி (சுமார் 60 மீட்டர்) மட்டுமே.

3. RTH Altitude

RTH என்பது Return to Home. ரிமோட் தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பும் உயரம் இது. Signal Lost என்ற அமைப்பில் RTH தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு கணக்கு. தென்னை மரம் 20 மீட்டர், அதற்குப் பின்னால் செல்போன் கோபுரம் 40 மீட்டர். RTH Altitude 30 என்று இருக்கிறது. கோபுரத்துக்கு அப்பால் தொடர்பு போனால், ட்ரோன் 30 மீட்டருக்கு ஏறி நேர்கோட்டில் வரும். அந்த உயரம் மரத்தைத் தாண்டப் போதும், ஆனால் தடையை அறியும் சென்சார் இல்லாத ட்ரோன் அதற்கு முன்பே கோபுரத்தில் மோதிவிடும். எனவே சுற்றிலும் உள்ள உயரமான பொருளோடு 15 மீட்டர் சேர்த்து 55 என்று வையுங்கள். 60 மீட்டர் வரம்பு உள்ள இடத்திலும் இது அடங்கும்.

இந்த உயரம் ட்ரோன் கிளம்பிய தரையிலிருந்து அளக்கப்படுகிறது. கோபுரம் 10 மீட்டர் மேட்டில் நின்றால் அந்த 10-ஐயும் கூட்டினால் 65 ஆகிறது, வரம்பைத் தாண்டுகிறது. அப்போது கோபுரத்துக்கு அந்தப் பக்கம் பறக்க விடாமல் இருப்பதே வழி.

ஊர் மாறினால் மரமும் கோபுரமும் மாறும். ஒவ்வொரு இடத்திலும் இந்த எண்ணைப் புதிதாகப் போடுங்க.