பணிநீக்கமா, லாரித் தண்ணீரா?

வங்கி அதிகாரி தேர்வின் ரீசனிங் பகுதியில் இப்படியொரு கேள்வி வரும்: ‘நகரின் ஒரு பகுதியில் குழாய்த் தண்ணீர் குடித்த பலருக்கு வயிற்றுப்போக்கு.’ கீழே இரண்டு நடவடிக்கைகள். ஒன்று, பொறுப்பான பொறியாளர்களை உடனே பணிநீக்கம் செய்வது. மற்றது, தண்ணீரைப் பரிசோதித்து, முடிவு வரும்வரை அங்கே லாரித் தண்ணீர் வழங்குவது.

இரண்டாவதுதான் பொருந்தும்.

கோபத்தில் முதலாவதையும் டிக் செய்யத் தோன்றும். ஆனால் தவறு யாருடையது என்று கேள்வி சொல்லவே இல்லை; குழாய் உடைந்து சாக்கடை கலந்ததா என்பதும் தெரியாது. பணிநீக்கத்தால் நோயும் குறையாது. கொடுத்த தகவலை அப்படியே ஏற்றுக்கொண்டு, சொன்ன நடவடிக்கை பாதிப்பைக் குறைக்குமா, நடைமுறைக்கு ஒத்துவருமா, பிரச்சினையின் அளவை மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். நகர் முழுக்கக் குடிநீரை நிறுத்தச் சொல்வது மிஞ்சுகிற ரகம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க அறிவிப்பது மூன்றாவதாக வந்தால், அதையும் சேர்த்தே குறியுங்கள்.