கர்ப்பமாக இருக்கும்போது மூத்த குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

மூத்த குழந்தை பால்குடி மறக்கும் முன்பே நீங்கள் மீண்டும் கர்ப்பமாகியிருக்கலாம். கர்ப்பம் சிக்கலின்றி இருந்தால், பெரும்பாலான தாய்மார்கள் தொடர்ந்து பால் கொடுக்கலாம்.

பாதுகாப்பானதா?

குழந்தை பால் குடிக்கும்போது உங்கள் உடலில் ஆக்சிடோசின் சுரக்கிறது. இது கருப்பையை லேசாக இறுகச் செய்யும். சாதாரணக் கர்ப்பத்தில் இதனால் பிரசவ வலி தொடங்குவதில்லை. ஆனால் முன்பு குறைமாதப் பிரசவமோ கருச்சிதைவோ ஏற்பட்டிருந்தால், இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தால், அல்லது இப்போது இரத்தப்போக்கு இருந்தால், மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடருங்கள். பால் கொடுத்து முடிந்த பின்னும் வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தாலோ, இரத்தமோ நீரோ கசிந்தாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முலைக்காம்பு ஏன் வலிக்கிறது?

கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே ஹார்மோன் மாற்றத்தால் முலைக்காம்பு கூசும், வலிக்கும். குழந்தை சரியாகப் பிடித்துக் குடித்தாலும் இந்த வலி இருக்கலாம். சில தாய்மார்களுக்குப் பிரசவம் வரை நீடிக்கும். குழந்தை வாயை அகலத் திறந்து பிடிக்கும்படி சொல்லுங்கள். பால் கொடுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு, காய்ச்சல், மார்பில் சிவந்த கட்டி ஆகியவை தெரிந்தால் காரணம் வேறாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

பால் குறையுமா?

நான்காம், ஐந்தாம் மாதவாக்கில் பலருக்குப் பால் குறைந்து, சுவையும் மாறும். பிறகு சீம்பால் சுரக்கத் தொடங்கும். அடிக்கடி கொடுத்தாலும் பால் பழைய அளவுக்குப் பெருகாது. குழந்தை ஒரு வயதுக்கு உட்பட்டிருந்தால் எடை சரியாகக் கூடுகிறதா என்று தாதியிடம் பரிசோதியுங்கள். கூடுதலாகப் பால்மாவு தேவைப்படலாம்.

தொடர்வதா, நிறுத்துவதா?

உதாரணமாக, நீங்கள் 10 வாரக் கர்ப்பிணி. குழந்தைக்கு 18 மாதம். ஒரு நாளைக்கு நான்கு முறை குடிக்கிறான். இந்த வயதில் சோறும் மற்ற உணவுகளுமே அவனுக்கு முக்கிய ஆகாரம். ஆகவே முடிவு உங்கள் வலியையும் களைப்பையும் பொறுத்தது. தாங்க முடியாவிட்டால், முதலில் மதிய வேளைப் பாலை நிறுத்தி, அந்த நேரத்தில் பழமோ சிற்றுண்டியோ கொடுங்கள். சில நாள்கள் கழித்து இன்னொரு வேளையைக் குறையுங்கள். தூங்கப்போகும் முன் கொடுக்கும் பாலைக் கடைசியாக நிறுத்தலாம். அதற்குள் வலி பொறுக்கக்கூடியதாகிவிட்டால், அந்த ஒரு வேளையை மட்டும் தொடரலாம். அப்போதும் "பத்து எண்ணும் வரை" என்று சொல்லி நேரத்தைச் சுருக்கலாம். திடீரென்று எல்லா வேளையையும் நிறுத்தினால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும்; குழந்தையும் ஏங்கும்.

பிரசவம் வரை தொடர்ந்தால், புதிதாகப் பிறக்கும் குழந்தைக்கும் சீம்பால் இருக்கும். முதல் சில நாள்கள் அக்குழந்தைக்கு முதலில் பால் கொடுத்துவிட்டு, பிறகு மூத்த குழந்தைக்குக் கொடுங்கள். சீம்பால் குடித்த மூத்த குழந்தைக்கு மலம் சற்று இளகிப் போகலாம்; அது நோயல்ல.

அடுத்த கர்ப்பப் பரிசோதனையின்போது, இன்னும் பால் கொடுக்கிறீர்கள் என்பதைத் தாதியிடம் மறக்காமல் சொல்லுங்கள்.