‘எப்படி இருந்தான்?’ என்று தோழி கேட்டால்

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும்: ‘என்னடி ஆச்சு? எப்படி இருந்தான்?’ இருவருக்கும் பொதுவான நண்பர்கள் நாள் குறித்து, முன்பின் பார்த்திராத இருவரை ஒரு காபி ஷாப்பில் சந்திக்க வைக்கும் பிளைண்ட் டேட் நம் நகரங்களுக்கு இப்போது புதிதல்ல. சந்திப்பு முடிந்ததும், ஏற்பாடு செய்தவர்களுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். வழக்கமாகப் போகும் பதில் இதுதான்: ‘நல்ல பையன்தான்டி. ஆனா செட் ஆகல.’

இதை வைத்துக்கொண்டு அந்தத் தோழி என்ன செய்ய முடியும்? எது செட் ஆகவில்லை என்று தெரியாததால், அடுத்த முறையும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஆளைத்தான் அழைத்து வருவாள். பெண் பார்த்துவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’ என்று சொல்லிக் கிளம்பிய காலத்தில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். சொன்னவரும் கேட்டவரும் மறுபடி பார்த்துக்கொள்ளப் போவதில்லை. இங்கே அப்படியில்லை. தோழி நாளையும் நம் தோழிதான். அந்தப் பையனும் அவளுடைய வட்டத்தில் இருந்துகொண்டே இருப்பான்.

பதில் மழுப்பலாக வருவதற்குக் காரணம் உண்டு. சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1970-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது, சொல்லிவிடுங்கள் என்று ஆய்வில் கலந்துகொண்டவர்களிடம் ஒப்படைத்தார்கள். நல்ல செய்தி என்றால் அதை முழுதாகச் சொன்னார்கள். கெட்ட செய்தி என்றபோது, ‘வீட்டுக்குப் போன் பண்ணச் சொன்னாங்க’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டவர்கள் அதிகம். அந்தக் கெட்ட செய்திக்கு அவர்கள் எந்த வகையிலும் காரணமில்லை; ஆனாலும் வாய் வரவில்லை. பிளைண்ட் டேட்டில் செய்தியே நம்முடைய முடிவு என்பதால் தயக்கம் இன்னும் கூடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். துரைப்பாக்கத்தில் வேலை பார்க்கும் 29 வயதுப் பெண். ஹாஸ்டலில் கூட இருந்த தோழி, தன் கணவனின் பழைய சகாவை அறிமுகப்படுத்துகிறாள். ‘உன்னை மாதிரியே நிறையப் படிப்பான், அமைதியான டைப்’ என்பது சிபாரிசு. ஆழ்வார்பேட்டையில் ஒரு காபி ஷாப், மாலை ஐந்து மணி, ஒன்றரை மணி நேரம். புத்தகப் பேச்சு ஐந்து நிமிடத்தில் வற்றிப்போகிறது. அவன் தன் என்.சி.சி. கேம்ப் கதையைச் சொன்னபோது இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சர்வர் ஆர்டரை மாற்றிக் கொண்டுவந்தபோது அவன் முகம் கோணாமல் பேசுகிறான். கனடா பி.ஆர். விண்ணப்பித்திருப்பதாகச் சொல்கிறான். முன்பு ஒரு நிச்சயதார்த்தம் முறிந்ததையும் சொல்கிறான். ஆனால் அவளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வீடு திரும்பும்போது அவள் மனதில் ஓடுவது, ‘அவருக்கு போர் அடிச்சிருக்கும், என்னைப் பிடிச்சிருக்காது’ என்பது. இதை அப்படியே தோழியிடம் சொல்லிவிடுவது பலரும் செய்வது. ஆனால் இந்த ஊகத்தை நம்புவதற்கில்லை. எரிக்கா பூத்பி தலைமையிலான குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறை பேசிக்கொண்ட இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள்: உங்களுக்கு அவரை எவ்வளவு பிடித்தது, அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும்? தங்களை மற்றவருக்கு உண்மையில் பிடித்த அளவைக் குறைத்தே பெரும்பாலானோர் மதிப்பிட்டார்கள். நம் பெண்ணுக்கும் அதுதான் நடக்கிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ‘அடுத்த வாரம் பார்க்கலாமா?’ என்று அவனிடமிருந்து செய்தி வருகிறது. அதனால் தோழியிடம் சொல்ல வேண்டியது அவள் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டுமே. அவன் மனதில் என்ன இருந்தது என்பதை அவனே சொல்லட்டும்.

இவளுக்குத் தொடர விருப்பமில்லை. அதைத் தோழிக்கு முன்னால் அவனிடம்தான் சொல்ல வேண்டும். இந்த வரிசை மாறினால், தோழி கணவனிடம் சொல்ல, கணவன் அவனிடம் ஜாடையாகச் சொல்ல, மறுப்பு மூன்றாம் கையிலிருந்து அவனுக்குப் போய்ச் சேரும். அது அவனுக்கு அவமானம். அவள் அனுப்புவது சின்னச் செய்திதான்: ‘நேத்து சந்திச்சதுல சந்தோஷம். யோசிச்சுப் பார்த்தேன், இதை மேற்கொண்டு கொண்டுபோக வேண்டாம்னு தோணுது. உங்க கனடா திட்டம் நல்லபடியா அமையட்டும்.’ அவனிடம் குறைகளை விளக்கத் தேவையில்லை, அவன் கேட்கவுமில்லை.

அப்புறம் தோழிக்கு. ‘தேங்க்ஸ்டி, சாயங்காலம் நல்லபடியா போச்சு. தொடர வேண்டாம்னு அவர்கிட்ட நானே சொல்லிட்டேன், நீங்க எதுவும் பேச வேண்டாம். மரியாதையான ஆள், சர்வர்கிட்ட பேசின விதமே பிடிச்சிருந்தது. ஆனா ஒன்றரை மணி நேரத்துல என்னைப் பத்தி ஒரு கேள்வி வரல. கனடா போற பிளான்ல இருக்கார். நான் அம்மாவை விட்டுட்டுப் போக மாட்டேன், அடுத்த தடவை இதை முதல்லயே கேட்டுடு. புக்ஸ் பேச்சு அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கல. அவர் கேம்ப் கதை சொன்னப்போதான் நல்லா இருந்துச்சு. படிக்கிற ஆளைவிட சிரிக்கவைக்கிற ஆள்தான் எனக்கு வேணும்போல.’

இந்தப் பதிலில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரி. அது அவனைப் பற்றியதல்ல, அவள் முன்பு தோழியிடம் கேட்டதைத் திருத்துவது. நமக்கு என்ன வேண்டும் என்று நாமே போடும் பட்டியல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கெல் இருவரும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. அழகு முக்கியம், சம்பாத்தியம் முக்கியம் என்று முன்கூட்டிச் சொன்னது, நேரில் நாலு நிமிடம் பேசியபின் யாரைப் பிடித்தது என்பதோடு பெரிதாக ஒத்துப்போகவில்லை. எனவே ஒவ்வொரு சந்திப்பும் அந்தப் பட்டியலைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு. அந்தத் திருத்தம் தோழியின் காதுக்குப் போனால்தான் அடுத்த அறிமுகம் வேறு மாதிரி அமையும்.

முறிந்துபோன நிச்சயதார்த்தத்தை அவள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அது தோழிக்கு முன்பே தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். நம்பிச் சொன்ன சொந்தக் கதையை எடுத்துப் போவது நேர்மையான பதிலில் சேராது. கனடா விஷயம் அப்படியல்ல, அது இனி யாரை அவனுக்கு அறிமுகப்படுத்தினாலும் தேவைப்படும் தகவல்.

எதையும் மென்மையாக்கக் கூடாத ஓர் இடம் உண்டு. வேண்டாம் என்ற பிறகும் வீடு வரை கொண்டுவிடுகிறேன் என்று வற்புறுத்தினான், தொட்டுப் பேசினான், குடித்துவிட்டு வந்தான் என்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போனில் நடந்தபடியே சொல்லிவிட வேண்டும். ‘கொஞ்சம் ஓவரா பழகுற டைப்’ என்று அதைச் சுருக்கினால், அதே ஆளை நம்பி இன்னொரு பெண் அடுத்த சனிக்கிழமை போய் உட்காருவாள். கணவனின் நண்பனாயிற்றே என்று தயங்கும் இடம் இதுவல்ல.

ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ‘எப்படி இருந்தான்?’ என்று கேட்டால் தீர்ப்புதான் வரும். ‘என்ன பேசினீங்க, எப்போ நேரம் போனதே தெரியல, எப்போ மணி பார்த்தே?’ என்று கேட்டால் நடந்தது வரும். தோழி இந்தப் பக்கமும் கணவன் அந்தப் பக்கமும் கேட்டு வைத்ததை ராத்திரி சாப்பாட்டில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை இயல்பாக எழும். அங்கேதான் பேச்சு கசிகிறது: ‘நீ கேள்வியே கேட்கலையாமே’ என்று மறுவாரம் கணவன் நண்பனிடம் சொல்லிவிடுவான். அவளைக் கேட்காமல் அதைச் சொல்லக் கூடாது. அவனே வந்து, ‘நான் எங்கேடா சொதப்பினேன்?’ என்று கேட்டால், முதலில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பிறகு சொல்லலாம்.