15-ம் தேதி பணம்: எப்போது வந்தால் ‘சரியான நேரம்’?

மாதத்தின் நடுவில் குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஒரு கேள்வி காதில் விழும்: “உனக்கு வந்துடுச்சா?” மகளிர் உரிமைத் தொகையைத்தான் கேட்கிறார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று நம் மாவட்டத் தலைநகரான காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம் இது. தொடங்கியபோது சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதி.

இவ்வளவு பேருக்கான பணத்தை யாரும் ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. பயனாளிகளின் பட்டியல் ஒரே தொகுப்பாக வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து அவரவர் வங்கிகளுக்குப் பிரிந்து செல்கிறது. இப்படிக் கெடு வைத்துச் செய்யும் தொகுப்பு வேலைக்கு ‘நேரத்துக்கு முடிந்தது’ என்று எதைச் சொல்வது? கேட்பதற்கு எளிது. ஆனால் அலுவலகத்துக்குப் பட்டியல் போனதும் வேலை முடிந்துவிடும், வங்கிக்குப் பணம் கணக்கில் ஏறியதும் முடிந்துவிடும். ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வரும் ஒரு பெண்ணுக்கோ, 16-ம் தேதி குழுக் கடன் தவணை கட்டக் கையில் காசு இருந்தால்தான் முடிந்தது.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. திட்டம் தொடங்கிய அதே மாதம், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் இந்த ஆயிரத்தில் பிடித்தம் செய்துவிட்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டித்தார். வங்கிக் கணக்குப்படி அந்தப் பணம் நேரத்துக்கு வரவு வைக்கப்பட்டதுதான். எடுக்கப் போனவருக்குத்தான் இல்லை. ஆகவே உறுதிமொழியில் ‘பயனாளி எடுக்கக்கூடிய இருப்பாக’ என்று எழுதாவிட்டால், அந்த உறுதிமொழி பாதிதான்.

அடுத்தது, எதை எண்ணுவது? மாதம் ஒருமுறை நடக்கும் வேலை வருடத்தில் 12 முறைதான் நடக்கும். அதில் ஒருமுறை தவறினாலே 91.7 சதவீதம் ஆகிவிடும். அதனால் வேலை ஓடிய தடவைகளை எண்ணி ‘99 சதவீதம்’ என்று உறுதி கொடுப்பதில் அர்த்தமே இல்லை. எண்ண வேண்டியது ஆட்களை. ஆனால் ஆட்களை எண்ணும்போது சதவீதம் நம்மை ஏமாற்றும். 99.9 என்றால் பிரமாதமாகத்தான் தெரிகிறது. 1 கோடியே 6 லட்சத்தில் மீதி 0.1 சதவீதம் என்பது 10,600 வீடுகள்! அதனால் நல்ல உறுதிமொழியில் இரண்டு வரிகள் இருக்கும்: 15-ம் தேதி இரவுக்குள் இத்தனை சதவீதம், விடுபட்ட ஒவ்வொருவருக்கும் இத்தனை நாளுக்குள்.

அந்த இரண்டாவது வரிக்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று துணை. ஆதார் வழியாகவோ தொகுப்பாகவோ வரும் பணத்தைக் கணக்கில் சேர்க்க முடியாவிட்டால், பெறும் வங்கி அதை மறுநாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 அக்டோபர் 15 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கவனியுங்கள், இந்தக் கடிகாரம் பணம் அனுப்பிய நாளிலிருந்து ஓடுகிறது. 15-ம் தேதியை அதற்குத் தெரியாது.

இப்போது பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். பட்டியலை 15-ம் தேதி அனுப்பினால், மூடிய கணக்குகளிலிருந்து திரும்பி வரும் பணம் 16-ம் தேதிதான் தெரியவரும். கெடு போய்விட்டது. 14-ல் அனுப்பினால் 15-க்குள் தெரியும், ஆனால் திருத்தி மறுபடி அனுப்ப நேரம் இருக்காது. 13-ல் அனுப்பினால்தான் ஒரு மறுமுயற்சிக்கு இடமுண்டு. முதல் மாதம் பலருக்கு 14-ம் தேதியே பணம் வந்ததை ‘முன்கூட்டியே கொடுத்துட்டாங்க’ என்று பேசிக்கொண்டோம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அப்படி விடும் இடைவெளிக்கு வேலை இருக்கிறது. தொடங்குவதற்கு முன்பே சோதனையாக 1 ரூபாய் அனுப்பிப் பார்த்ததும் அதே கணக்குதான். கெடுவன்று தெரியவேண்டிய தவறுகள் அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

உங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியதும் இந்த இடைவெளியைத்தான். எஸ்எம்எஸ் தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். அதனால் பாஸ்புக்கிலோ வங்கிச் செயலியிலோ வரவுத் தேதியைப் பாருங்கள். அங்கும் இல்லையா? ஆதார் வழியாக வரும் தொகை, ஆதாருடன் கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்கே போகும். கம்பெனி மாறியபோது திறந்த புதுச் சம்பளக் கணக்கில் அது கிடக்கலாம். இந்தப் பக்கத் தொழிற்சாலைகளில் அடிக்கடி நடப்பதுதான். எந்த வங்கி என்று myaadhaar.uidai.gov.in தளத்தில் உங்கள் ஆதார் எண்ணுடன் உள்ளே போய் ‘Bank Seeding Status’ பகுதியில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு மூடப்பட்டிருந்தால் அடுத்த மாதம் 10-ம் தேதிக்கு முன்பே வங்கிக்குப் போய் மாற்றிவிடுங்கள். பிடித்தம் செய்யப்பட்டிருந்தால் வரவும் பிடித்தமும் தெரியும் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு 1100 எண்ணில் புகார் சொல்லலாம்.