மாடித்தோட்டத்துக்கு மாதக் கட்டணம்: தண்ணீர் யார் பொறுப்பு?

அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடித்தோட்டம் அமைத்து, மாதக் கட்டணத்துக்குப் பராமரித்தும் தருகிறவர்கள் இரண்டு கணக்கு வைத்திருப்பார்கள். பை, மண்கலவை, நிழல்வலை எல்லாம் ஒருமுறைச் செலவு. உரமிடுவது, பூச்சி பார்ப்பது, மறுநடவு ஆகியவை மாதக் கட்டணத்தில் சேரும். வாரம் ஒருநாள் ஆள் வருவார் என்று வைத்துக்கொள்வோம். செடிக்கோ கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். பெரும்பாலான சிக்கல்கள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

முதலில் எடை

மொட்டைமாடி பொது இடம் என்றால் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். சங்கம் கேட்கும் முதல் கேள்வி, தளம் தாங்குமா என்பது. ஆட்கள் புழங்கும் மாடிக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பையில் ஏறத்தாழ 18 லிட்டர் கலவை பிடிக்கும். அத்தனையும் ஈரச் செம்மண் என்றால் 30 கிலோ. சதுர மீட்டருக்கு ஐந்து பை வைத்தாலே வரம்பைத் தொட்டுவிடும். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் பெருமளவு சேர்த்தால் எடை ஏறக்குறைய பாதியாகும். பைகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் தாங்கியில் வைத்தால் தரை காயும், கசிவும் கண்ணில் படும்.

தினசரித் தண்ணீர்

முப்பது பைகளில் தக்காளியும் கத்தரியும் வைத்த வீட்டைக் கணக்கிடுவோம். மே மாதத்தில் பைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 45 லிட்டர். இதைக் கையால் ஊற்றப்போவது வீட்டாரா, காவலாளியா? யாரும் இல்லையென்றால் நேரம் வைத்துத் திறக்கும் சொட்டுநீர்க் குழாய் வேண்டும். மேல்நிலைத் தொட்டி அதே மாடியில் இருந்தால் நீரழுத்தம் குறைவாக இருக்கும். அழுத்தத்தைச் சீராக்கும் வகைச் சொட்டுவான்கள் அதில் சரியாக இயங்காது. சாதாரணச் சொட்டுவானோ சிறு மோட்டாரோ தேவைப்படும்.

வாடலா, உப்பா?

மதியம் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் வேலை. காலையிலும் துவண்டிருந்தால் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நீர் போதவில்லை; சதசதவென்று இருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். பழைய இலைகளின் ஓரம் கருகி, கலவையின்மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். சரியாகக் கழுவாத நார்க்கழிவும் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரும் இதற்குக் காரணமாகும். அப்போது உரத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். நல்ல நீரைப் பையின் அடியில் வழியும்வரை தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுவதே வழி.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

தினமும் நீர் விடுபவர் யார், குழாய் அடைத்தால் எத்தனை நாளில் வருவார்கள், பட்டுப்போன செடிக்கு மாற்று யார் செலவு, அக்டோபர் மழைக்கு முன் வடிகால் வாய்களைச் சுத்தம் செய்வது யார் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் செடி காய்ந்த அன்று, ‘தண்ணீர் ஊற்றவில்லை’ என்று அவர்களும் ‘பராமரிக்கவில்லை’ என்று நீங்களும் சொல்லிக்கொள்ளலாம். பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.