இண்டக்‌ஷன் அடுப்புக்குள் ஏன் கயிறு போல ஒயர்?

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடித் தட்டைக் கழற்றினால், அடியில் கொசுவத்திச் சுருள் போல வட்டவட்டமாகச் சுற்றிய கம்பி தெரியும். உற்றுப் பார்த்தால் அது ஒற்றைக் கம்பி இல்லை. மெல்லிய இழைகள் பலவற்றைக் கயிறாகத் திரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் இழைக்கும் தனியாக எனாமல் பூச்சு உண்டு. அதே தடிமனில் ஒரே செப்புக் கம்பியைச் சுற்றியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்குமே?

முடிந்திருக்கும், ஆனால் சுருளே சூடாகிக் கெட்டிருக்கும். காரணம், வேகமாகத் திசை மாறும் மின்னோட்டம் கம்பியின் நடுப்பகுதியை ஒதுக்கிவிட்டு மேற்பரப்பை ஒட்டியே ஓடுகிறது. இதைத்தான் தோல் விளைவு, ஸ்கின் எஃபெக்ட் என்கிறார்கள். உலோகக் கோளங்களில் இது நிகழ்வதை 1883இல் ஹொரஸ் லாம்ப் கணக்கிட்டுக் காட்டினார். எந்த வடிவக் கடத்திக்கும் பொருந்தும்படி 1885இல் அதை விரித்தவர் ஆலிவர் ஹெவிசைடு.

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன என்று பலர் நினைப்பதுண்டு. அப்படியானால் பேட்டரி தரும் மின்னோட்டமும் மேற்பரப்பில்தான் ஓட வேண்டும். அது அப்படி ஓடுவதில்லை. கம்பி முழுவதும் சீராகப் பரவித்தான் செல்கிறது.

உண்மையான காரணம் காந்தப்புலம். மின்னோட்டம் ஓடும் கம்பியைச் சுற்றி மட்டுமல்ல, கம்பிக்கு உள்ளேயும் காந்தப்புலம் வளையம் வளையமாக இருக்கிறது. கம்பியின் நடுவில் ஓடும் மின்னோட்டத்தை இந்த வளையங்கள் எல்லாமே சுற்றி வளைத்திருக்கின்றன. விளிம்பில் ஓடுவதையோ கம்பிக்கு வெளியே உள்ள வளையங்கள் மட்டுமே சுற்றுகின்றன. மின்னோட்டம் திசை மாறும்போது காந்தப்புலமும் மாறும். மாறும் புலம் அந்த மாற்றத்தை எதிர்க்கும் மின்னழுத்தத்தைத் தூண்டும். வளையங்கள் கூடுதலாக உள்ள நடுப்பகுதியில் எதிர்ப்பும் கூடுதல். மின்னோட்டம் எதிர்ப்பு குறைந்த விளிம்புக்கு ஒதுங்குகிறது.

திசை மாறும் வேகம் கூடக்கூட அந்த ஒதுக்கம் கடுமையாகும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் செம்பின் ‘தோல் ஆழம்’ சுமார் 9.3 மில்லிமீட்டர். அந்த ஆழத்தில் மின்னோட்டத்தின் அடர்த்தி மேற்பரப்பில் உள்ளதில் 37 சதவீதமாகக் குறைந்திருக்கும். சுவருக்குள் போகும் ஒயரின் செம்பு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால் அங்கே இந்த விளைவைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

அடுப்பின் சுருளிலோ நொடிக்கு ஏறக்குறைய 25,000 சுழற்சிகள். தோல் ஆழம் 0.42 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பழுதான சுருளை ஒருவர் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைச் செப்புக் கம்பியால் சுற்றித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். மின்னோட்டத்துக்கு உண்மையில் பயன்படுவதோ விளிம்பில் உள்ள சுமார் 3.4 மட்டுமே. அதனால் மின்தடை இரு மடங்காகும், சுருளில் எழும் வெப்பமும் இரு மடங்காகும். பக்கத்துச் சுற்றுகளின் காந்தப்புலம் மின்னோட்டத்தை இன்னும் ஒரு மூலைக்குத் தள்ளுவதால் நிலைமை அதைவிட மோசமாகவே இருக்கும்.

மல்டிமீட்டரால் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. அது நேர் மின்னோட்டத்தால் அளப்பதால், இரு சுருளிலும் ஒரே தடையையே காட்டும். எல்சிஆர் மீட்டரில் உயர் அதிர்வெண்ணைத் தேர்ந்து அளந்தால்தான் வித்தியாசம் வெளிப்படும்.

இதற்கான விடைதான் அந்தக் கயிறு. தொழிலில் அதற்கு லிட்ஸ் ஒயர் என்று பெயர். 0.2 மில்லிமீட்டர் இழைகளாகச் செய்தால் அதே 7 சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 225 இழைகள் தேவைப்படும். ஒவ்வொன்றும் தோல் ஆழத்தைவிட மெல்லியது என்பதால் இழையின் நடுவும் வேலை செய்யும். ஆனால் இழைகளை வெறுமனே கட்டாகச் சேர்த்தால் போதாது. கட்டின் வெளிப்புற இழைகளிலேயே மின்னோட்டம் கூடிவிடும். ஆகவே சில இழைகளைத் திரித்துச் சிறு கட்டாக்கி, அந்தக் கட்டுகளை மறுபடி திரிக்கிறார்கள். ஒவ்வோர் இழையும் சற்றுத் தூரம் வெளியிலும் சற்றுத் தூரம் நடுவிலுமாக மாறிமாறிப் போனால் எல்லாமே பாரத்தைச் சமமாகப் பகிரும். சாதாரண ஃப்ளெக்சிபிள் ஒயரிலும் பல இழைகள் உண்டு. ஆனால் எனாமல் இல்லாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் அது இந்த வேலைக்கு உதவாது. லிட்ஸ் ஒயரின் முனையில் எனாமலைச் சரியாக நீக்காமல் ஈயம் வைத்தாலும் சில இழைகள் இணையாமல் போகும், மீதி இழைகள் சூடாகும்.

இதே விளைவு பாத்திரத்தில் நன்மையாகிறது. காந்தம் ஒட்டும் இரும்பில் தோல் ஆழம் மிகக் குறைவு. 25,000 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த மெல்லிய படலத்தில் நெருங்கி ஓடும் மின்னோட்டம் கடுமையான தடையைச் சந்தித்துப் பாத்திரத்தைச் சூடாக்குகிறது. அலுமினியத்தில் தோல் ஆழம் அரை மில்லிமீட்டருக்கு மேல், உலோகத்தின் தடையும் குறைவு. அதனால்தான் அடியில் இரும்புத் தகடு பதிக்காத அலுமினியக் குக்கரை வைத்தால் பெரும்பாலான இண்டக்‌ஷன் அடுப்புகள் ‘பாத்திரம் இல்லை’ என்று பீப் அடிக்கின்றன.